கேம் விளையாட லெப்டொப் வாங்கும் முன், கடையிலேயே திரையைச் சோதிப்பது எப்படி

போன வருஷம் கொழும்பில் ஒரு கடையில் 144 ஹெர்ட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய லெப்டொப் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் மடியிலேயே வைத்து நானுஓயாவுக்குக் கொண்டுவந்தேன். அன்றிரவே வாலரன்ட் போட்டேன். ஆளைத் திருப்பினால் சுவர் ஓரமெல்லாம் ஈரத் துணியால் துடைத்த மாதிரி இழுபட்டது, எதிரி ஓடினால் அவனுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிழலும் ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் டிரைவர் மாற்றிப் பார்த்தேன். கோளாறு கார்டில் இல்லை, திரையில். திரும்ப எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர், "மல்லி, ஸ்கிரீன் வேலை செய்யுதுதானே, இதுக்கு வொரண்டி இல்லை" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. திரை மெதுவாக இருப்பது பழுது அல்ல, அந்தத் திரையின் இயல்பே அதுதான். அதனால் இதைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம், காசைக் கொடுக்கும் முன் கடையில் நிற்கும் அந்தக் கால் மணித்தியாலம்தான்.

தம்பிக்கு வாங்கும்போது இதையெல்லாம் வரிசையாகச் செய்தோம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு செக்கனில் எத்தனை தடவை புதுப் படம் கேட்கிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிசெக்கன்தான்.

ரெஸ்பொன்ஸ் டைம் என்பது வேறு. ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறி முடிக்க எடுக்கும் நேரம் அது. என் லெப்டொப்பில் இருந்த திரைக்கு அது சுமார் 30 மில்லிசெக்கன். அதாவது முதல் படத்தின் நிறம் முழுதாக மாறுவதற்குள் அடுத்த நாலு படம் வந்துவிடும். நாலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தெரிவதைத்தான் நான் இழுபடுகிறது என்று சொன்னேன். திரை 144 தடவை படம் கேட்டது உண்மை, ஸ்டிக்கரில் பொய் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிகளால் அவ்வளவு வேகத்துக்கு ஓட முடியவில்லை.

சுட்டு விளையாடும் கேம்தான் முக்கியம் என்றால் 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ரெஸ்பொன்ஸ் டைம் 10 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும், 7க்குள் இருந்தால் நல்லது. கிரிக்கெட், கதை கேம், கார் ஓட்டம் என்றால் 15 வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். 25, 30 என்றால் என் அபிப்பிராயத்தில் அதைக் கேமிங் லெப்டொப் என்று சொல்லவே கூடாது, ஆனால் விற்கிறார்கள்.

"3 மில்லிசெக்கன்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி அப்படியே போகாதீர்கள். பல தடவை அது ஓவர்டிரைவ், அதாவது புள்ளிகளை வலிந்து வேகமாக மாறவைக்கும் முறையைப் போட்டு, மிகச் சாதகமான ஒரு நிற மாற்றத்தில் அளந்த எண்ணாக இருக்கும்.

2. போவதற்கு இரண்டு இரவு முன்: மொடலின் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் வரும் லெப்டொப்புக்குள் இரண்டு மூன்று கம்பனிகளின் திரை மாறி மாறி வரும். யூடியூபில் ஒருவர் பாராட்டியது ஒரு திரையாக இருக்கும், இங்கே கிடைப்பது இன்னொன்றாக இருக்கும். ஆகவே பெயரை மட்டும் கேட்காமல், பின்னால் கோடு போட்டு வரும் எழுத்தும் எண்ணும் சேர்த்து முழு மொடல் இலக்கத்தையும் கடைக்கு வட்ஸ்அப்பில் கேளுங்கள். பெட்டியின் ஓரத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. அனுப்பத் தயங்கும் கடைக்கு நான் போக மாட்டேன்.

இலக்கம் கிடைத்ததும் notebookcheck.net தளத்தில் தேடுங்கள். அவர்கள் கருவி வைத்து அளந்து, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு எவ்வளவு, சாம்பலிலிருந்து சாம்பலுக்கு எவ்வளவு என்று தனித்தனியே போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சாம்பல் எண்ணை. கேமில் முழுக் கறுப்பு முழு வெள்ளையாக மாறுவது அபூர்வம், ஒரு மங்கல் இன்னொரு மங்கலாக மாறுவதுதான் அதிகம். அந்த விமர்சனத்தில் திரையின் பெயரும் இருக்கும், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாலாவது படியில் தேவைப்படும்.

விமர்சனமே கிடைக்கவில்லையா? அப்போது விவரத்தாளில் நிறத்தைப் பற்றிய வரியைப் பாருங்கள். "45% NTSC" என்று இருந்தால் அது மலிவுத் திரை. அதன் நிறம் வெளிறியிருக்கும், வெளிச்சம் பெரும்பாலும் 250 நிட்ஸோடு நிற்கும், திரை வெளிச்சத்தை அளக்கும் அலகுதான் நிட்ஸ், இதே ரகத்தில்தான் மெதுவான திரைகளும் அதிகம். "72% NTSC" அல்லது "100% sRGB" என்று இருந்தால் கொஞ்சம் நம்பிப் போகலாம். நிறத்துக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் ஒன்றில் மிச்சம் பிடித்த கம்பனி மற்றதிலும் மிச்சம் பிடித்திருக்கும்.

3. பேனல் வகை: இதில் அதிகம் குழம்ப வேண்டாம்

பேனல் என்பது திரையேதான், அதில் சில வகை உண்டு. இப்போது கடையில் இருப்பதில் பெரும்பாலானவை ஐபிஎஸ் வகை. ஐபிஎஸ் என்ற பெயர் மட்டும் எதற்கும் உத்தரவாதம் இல்லை, என் 30 மில்லிசெக்கன் திரையும் ஐபிஎஸ்தான். விஏ என்ற வகை லெப்டொப்பில் அபூர்வம், இருட்டுக் காட்சியில் அதிகம் இழுபடும். டிஎன் என்ற வகை பழைய, பாவித்த லெப்டொப்களில் வரும். திரையை மேலும் கீழும் சாய்த்துப் பார்த்தால் முகங்கள் நெகட்டிவ் படம் போல மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டிஎன்னில் வேகம் இருக்கும், நிறம் இருக்காது.

ஓஎல்இடி வேகத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும், ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவு. ஆனால் தினமும் மணிக்கணக்கில் ஒரே கேம் என்றால் மூலையில் அசையாமல் நிற்கும் வரைபடமும் உயிர் அளவுக் கோடும் வருஷக் கணக்கில் திரையில் தடம் பதிக்கலாம். குறைந்த வெளிச்சத்தில் மினுக்குவதும் உண்டு, சிலருக்கு அது தலைவலி. காசு இருந்து, பல கேம்களை மாற்றி மாற்றி விளையாடுபவர் என்றால் வாங்குங்கள்.

4. கடையில் முதல் ஐந்து நிமிஷம்: எந்தத் திரை என்று பாருங்கள்

ஷோகேஸில் இருக்கும் லெப்டொப்பைச் சோதித்துவிட்டு சீல் பெட்டியை வாங்கி வராதீர்கள். இரண்டிலும் திரை வேறாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். நீங்கள் கொண்டுபோகப் போகும் பெட்டியை உடைத்து அதையே சோதிக்க விட வேண்டும். உடைத்தால் எடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னால், "திரை இந்த எண்ணாக இருந்தால் எடுக்கிறேன், இல்லாவிட்டால் இல்லை" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தம்பிக்கு வாங்கும்போது முதல் கடை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது கடை ஒத்துக்கொண்டது.

லெப்டொப்பை பிளக்கில் சொருகித் திறந்ததும், Start பட்டனில் வலது கிளிக் செய்து Device Manager போங்கள். Monitors என்பதை விரித்து, உள்ளே இருப்பதை இரண்டு தரம் கிளிக் செய்து, Details பக்கத்தில் Property பட்டியலிலிருந்து Hardware Ids என்பதைத் தெரிவுசெய்யுங்கள். MONITOR\ என்பதற்குப் பின் மூன்று எழுத்தும் நாலு குறியும் வரும். மூன்று எழுத்தும் திரை செய்த கம்பனி: AUO, BOE, CMN, LGD, SHP, SDC மாதிரி. அந்த ஏழையும் கூகுளில் போட்டால் பெரும்பாலும் திரையின் முழுப் பெயர் கிடைக்கும், வீட்டில் குறித்துவந்த பெயரோடு ஒப்பிடுங்கள். போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே Settings, System, Display, Advanced display என்று போய் refresh rate எவ்வளவு என்று பாருங்கள். புதுப் பெட்டியிலேயே 60இல் வைத்து வருவதும், பிளக்கைக் கழற்றினால் தானாக 60க்கு இறங்குவதும் உண்டு. 144க்கு மாற்றாமல் கீழே உள்ள சோதனையைச் செய்தால் நல்ல திரையைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள்.

5. அடுத்த ஐந்து நிமிஷம்: வேகத்தைப் போன் கமெராவால் அளப்பது

testufo.com என்ற தளத்தை போன் ஹொட்ஸ்பொட்டில் திறந்து, ஓடும் பறக்கும் தட்டைக் கண்ணால் தொடர்ந்தபடி பாருங்கள். தட்டின் ஓரம் கூராக இருக்கிறதா, பின்னால் நிழல் இழுபடுகிறதா என்று. பக்கத்தில் வேறு லெப்டொப் இருந்தால் அதிலும் திறந்து வையுங்கள், வித்தியாசம் ஒரு நிமிஷத்தில் புரியும். கண் பழகாதவருக்குத் தனியாக ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்வது கஷ்டம், அதனால் எண் கிடைக்கும் ஒரு வழி சொல்கிறேன்.

வீட்டிலேயே பெயின்ட்டில் இரண்டு படம் செய்துகொள்ளுங்கள். ஒன்று முழுதும் கடும் சாம்பல், மற்றது முழுதும் வெளிர் சாம்பல். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவைத்தால் பென் டிரைவ் சொருக விடாத கடையிலும் திறக்கலாம். பிரவுசரில் இரண்டு டெப்பில் இரண்டையும் திறந்து, Ctrl+Tab அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சட்டென்று மாறும். இப்போது போனில் ஸ்லோ மோஷன் வீடியோவைச் செக்கனுக்கு 240 படம் என்று வைத்து, திரையின் நடுவில் ஒரு சின்ன இடத்தைக் கிட்டவாகப் பிடித்துக்கொண்டு, மாற்றத்தை நாலைந்து தடவை படம் பிடியுங்கள்.

பிறகு வீடியோவைப் படம் படமாக நகர்த்தி, நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து மாறி முடியும் வரை எத்தனை படம் என்று எண்ணுங்கள். ஒரு படம் ஏறக்குறைய 4 மில்லிசெக்கன். இரண்டு மூன்று படத்தில் முடிந்தால் நல்ல திரை. என் பழைய லெப்டொப்பில் ஏழு படம் வந்தது, ஏழு நாலு இருபத்தெட்டு, விமர்சனத்தில் போட்டிருந்த 30க்குக் கிட்ட. தம்பியின் லெப்டொப்பில் இரண்டு.

இது கருவி அளவு இல்லை, ஒரு படம் முன்னே பின்னே வரும். சில மலிவு போன்கள் 240 என்று சொல்லிவிட்டு இடைப் படங்களைத் தானே செய்து போடும், ஆகவே போகும் முன் வீட்டில் ஒரு தடவை பழகிப் பாருங்கள். ஆனால் 8 மில்லிசெக்கனையும் 30 மில்லிசெக்கனையும் பிரித்துச் சொல்ல இது தாராளம்.

மாற்றத்தின்போது நிறம் போக வேண்டிய அளவைத் தாண்டி வெளிறி, பிறகு திரும்பி வந்தால் அது ஓவர்டிரைவ் கூடிப்போனதன் அடையாளம். கேமில் பொருட்களின் ஓரத்தில் ஒளி விளிம்பு போலத் தெரியும். லெப்டொப் கம்பனியின் சொந்த செயலியில் ஓவர்டிரைவை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், நிறுத்தியும் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

6. கடைசி ஐந்து நிமிஷம்: வெளிச்சம்

வெளிச்சத்துக்கு நான் அதிகம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். இரவில் அறைக்குள் விளையாடுபவருக்கு 250 நிட்ஸே போதும், பாதிக்குக் குறைத்துத்தான் வைப்பீர்கள். பகலில், ஜன்னல் பக்கம் அல்லது இஸ்தோப்பில் உட்கார்ந்து விளையாடுவதாக இருந்தால் 300 வேண்டும். நம்முடைய பக்கம் வெயில் குறைவுதானே என்று நினைக்காதீர்கள், மேகம் மூடிய நாளில் வானம் முழுவதும் ஒரே வெள்ளையாக இருந்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் அப்படியே திரையில் விழும். பளபளப்பான திரை என்றால் இருட்டுக் காட்சியில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

கடையில் செய்ய வேண்டியது இது: பிளக்கில் சொருகி, வெளிச்சத்தை முழுதாக்கி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கதவுப் பக்கம் வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். பெட்டரியில் சோதிக்க வேண்டாம், மின்சாரம் மிச்சம் பிடிக்க லெப்டொப் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். போனில் லக்ஸ் அளக்கும் செயலி இருந்தால், போனின் உணரியைத் திரையோடு ஒட்டிவைத்து வரும் எண்ணை மூன்றால் வகுத்தால் நிட்ஸ் ஏறக்குறைய வரும். 900 காட்டினால் 300 என்ற மாதிரி. போன் உணரிகள் ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே ஒரே போனால் இரண்டு லெப்டொப்பை ஒப்பிடத்தான் இதை நம்பலாம்.

பிறகு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, கையால் மறைத்து மூலைகளைப் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசிவது ஐபிஎஸ்ஸில் சாதாரணம். ஒரு மூலை மட்டும் டோர்ச் அடித்த மாதிரி இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். வெள்ளைப் பக்கத்தில் அணைந்த புள்ளி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

7. காசும் கடதாசியும்

பில்லில் முழு மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும் இருக்க வேண்டும், லெப்டொப்பின் அடியில் இருக்கும் சீரியலோடு அங்கேயே ஒப்பிடுங்கள். வொரண்டி ஏஜென்டுடையதா, கடையுடையதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடை வொரண்டி என்றால் ஒவ்வொரு பிரச்சினைக்கும் கொழும்புக்கு நீங்கள்தான் சுமக்க வேண்டும். எத்தனை புள்ளி அணைந்தால் திரை மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்.

முதலில் மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு திரையை மட்டும் மாற்றலாம் என்ற யோசனை எனக்கும் வந்தது. வேகமான திரை ஒன்றைப் போட 55,000 ரூபா வரும் என்றார் பழுது பார்ப்பவர், போடும் கூலி தனி. அதோடு 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் பெரும்பாலும் 30 ஊசி வயர், 144க்கு 40 ஊசி, ஆக 60 ஹெர்ட்ஸ் லெப்டொப் என்றால் வயரும் மாற்ற வேண்டும், போர்ட் அதை ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. இரண்டு மொடல்களுக்கு இடையே திரையால் மட்டும் விலை வித்தியாசம் வந்தால், அந்தக் காசை வாங்கும்போதே கொடுத்துவிடுவது லாபம்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். நுவரெலியாவிலிருந்து விடியற்காலை பஸ் எடுத்தாலும் கொழும்பு போய்ச் சேரப் பகல் ஆகிவிடும், திரும்பும் பஸ்ஸை நினைத்துக்கொண்டே நின்றால் சோதனையில் அவசரப்படுவீர்கள். ஒரே கடை, ஒரே மொடல் என்று வீட்டில் முடிவு செய்து, இரண்டாவது ஒன்றைக் கைவசம் வைத்துக்கொண்டு போங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்: குளிரில் ஒரு தடவை அளந்து பாருங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐபிஎஸ் ஆகட்டும் டிஎன் ஆகட்டும், உள்ளே இருப்பது திரவப் படிகம். குளிர் கூடக் கூட அது தடித்து, நிறம் மாறுவதும் மெதுவாகும், சீனிப்பாகு ஆறினால் இறுகுகிற மாதிரி. கம்பனிகள் ரெஸ்பொன்ஸ் டைம் தருவது 25 பாகை செல்சியஸில். கொழும்புக் கடையில் அதற்கு அதிகம் குறையாது. ஜனவரி இரவில் நம் வீட்டு அறை 12 பாகைக்கு இறங்கினால் அதே திரை அதே வேகத்தில் ஓடாது.

என் பழைய லெப்டொப்பைக் காலையில் திறந்ததும் அளந்தால் பத்துப் படம், அரை மணித்தியாலம் கேம் ஓடிச் சூடானபின் எட்டு. தம்பியுடையது குளிரில் மூன்று, பிறகு இரண்டு. வேகமான திரைக்கு ஒரு படம் கூடினால் தெரியாது, ஏற்கெனவே இழுபடும் திரைக்கு அது தெரியும். ஆகவே பண்டாரவளையில் இருப்பவரை விட நுவரெலியா, நானுஓயா, அம்பேவெல பக்கம் இருப்பவர் 10 மில்லிசெக்கன் எல்லையை இன்னும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓஎல்இடிக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நான் இப்போது அந்தப் பழைய லெப்டொப்பைத்தான் பாவிக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் திறந்து, முழு வெளிச்சத்தில் ஏதாவது வீடியோ ஓடவிட்டுப் போகிறேன், வந்து உட்காரும்போது கொஞ்சம் சூடாகியிருக்கும். ஹீட்டர் பக்கம் வைத்துச் சூடாக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் சூடேறித் திரை பாழாகும்.